அம்மிணிக்கு: முப்பது இந்திச் சொற்களுக்கான நினைவூட்டல் அட்டவணை

அம்மிணி, லைனில் பாதிப் பேர் பீகாரும் ஒடிசாவுமாக இருக்க, சூப்பர்வைசரான நீ கையைக் காட்டியே வேலை வாங்குவதாகச் சொன்னாய். லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து இந்தி பேசிப் பிழைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கீழே இருக்கும் தேதிகளை அப்படியே போனில் நினைவூட்டலாகப் பதிந்துகொள். நேரம் காலை 11, டீ வரும்போது. இரவில் வைக்காதே. ஒன்றரை ஷிப்ட் முடித்து வேனில் ஏறியவளுக்கு எட்டரை மணிக்கு எந்தச் சொல்லும் ஏறாது.

சீட்டுகளைக் கார்ட்டன் அட்டையில் வெட்டிக்கொள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இந்தி. கட்டுக்குப் பத்துச் சீட்டு, ஒரு ரப்பர் பேண்ட்.

முதல் கட்டு: ஊசி – சூயீ, நூல் – தாகா, கத்தரி – கைஞ்சீ, துணி – கப்டா, தையல் – ஸிலாயீ, சட்டைக் கை – ஆஸ்தீன், பாக்கெட் – ஜேப், அளவு – நாப், ஓட்டை – சேத், நிறம் – ரங்க்.

இரண்டாம் கட்டு: பாருங்கள் – தேக்கியே, நில்லுங்கள் – ருக்கியே, வெட்டுங்கள் – காட்டியே, பிரியுங்கள் – கோலியே, கொண்டு வாருங்கள் – லாயியே, வையுங்கள் – ரக்கியே, எண்ணுங்கள் – கினியே, கட்டுங்கள் – பாந்தியே, அனுப்புங்கள் – பேஜியே, எடுங்கள் – உட்டாயியே.

மூன்றாம் கட்டு: இன்று – ஆஜ், நேற்று அல்லது நாளை – கல், காலை – சுபஹ், மாலை – ஷாம், பாதி – ஆதா, ஒன்றரை – டேட், இரண்டரை – டாயீ, குறைவு – கம், அதிகம் – ஜ்யாதா, கறை – தாக்.

கறையை ஏன் மூன்றாம் கட்டில் தள்ளினேன் என்று கேட்பாய். செக்கிங்கில் முதலில் தேவைப்படுவதே அதுதான், தெரியும். ஆனால் தாக், தாகா இரண்டையும் ஒரே நாளில் படித்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். நூல் நன்றாக ஊன்றிய பிறகு கறை வரட்டும். ஏவல் சொற்கள் எல்லாவற்றையும் மரியாதையாகவே கொடுத்திருக்கிறேன். பட்டறையில் கேட்கும் 'தேக்', 'ருக்' உன் வாயில் வர வேண்டாம். சின்னப் பையனையும் 'வாங்க' என்று கூப்பிடும் ஊர் நம்முடையது.

முறை இதுதான். தமிழ்ப் பக்கத்தைப் பார், இந்தியை வாய்விட்டுச் சொல், அதன் பிறகே திருப்பு. திருப்பிப் பார்த்துவிட்டு 'இது தெரிந்ததுதானே' என்று தலையாட்டுவது படிப்பு ஆகாது. தவறிய சீட்டின் மூலையை மடி. மறுநாள் டீக்கு மடித்தவற்றை மட்டும் எடு. வந்துவிட்டால் மடிப்பை நீவிவிட்டு அதன் கட்டிலேயே சேர். அடுத்தடுத்த இரண்டு தேதிகளில் தவறும் சீட்டு அந்தக் கட்டுக்கு உரியது அல்ல. புதிதாகத் தொடங்கும் கட்டோடு சேர்த்துவிடு, அது முதலிலிருந்து வரட்டும். 1970களில் ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டியில் அறை அறையாகத் தடுத்துச் செய்து காட்டியது ஏறக்குறைய இதைத்தான். உனக்குப் பெட்டி வேண்டாம், ரப்பர் பேண்ட் போதும்.

இனி நினைவூட்டல்கள்.

ஜூன் 1, திங்கள்: முதல் கட்டு, புதிது. பத்தையும் படித்து முடித்ததும் ஒரு முறை, மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு முறை சொல்லிப் பார்.

ஜூன் 2, செவ்வாய்: முதல் கட்டு. மூன்று நான்கு மறந்திருக்கும். பயப்படாதே. எபிங்ஹாஸ் என்பவர் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து எழுதிவைத்திருக்கிறார்: மறதி முதல் நாளில்தான் வேகம், போகப் போகத் தணியும். அதனால்தான் நெருக்கமாகத் தொடங்கித் தேதிகளை விரித்துக்கொண்டே போகிறேன். கட்டைத் தொடங்கிய தேதியிலிருந்து ஒரு நாள், மூன்று, ஏழு, பதினாறு, முப்பத்தைந்து.

ஜூன் 4, வியாழன்: முதல் கட்டு. இன்று சீட்டோடு நில்லாதே, பிளாட்லாக் மெஷின் அருகே போய்க் கண்ணில் படும் ஐந்து பொருளுக்குப் பெயர் சொல்.

ஜூன் 5, வெள்ளி: இரண்டாம் கட்டு, புதிது. முதல் கட்டைத் தொடாதே. தொடவேண்டும் போல இருக்கும், இருந்தாலும் தொடாதே. கொஞ்சம் மறக்க விட்டு இழுத்தால்தான் பிடிக்கும்.

ஜூன் 6, சனி: இரண்டாம் கட்டு. சம்பள நாள், 11 மணிக்கு உன்னைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். இன்று மட்டும் காலையில் வேனிலேயே முடித்துவிடு.

ஜூன் 8, திங்கள்: முதல் கட்டும் இரண்டாம் கட்டும். இருபது சீட்டையும் கலைத்துப் போடு. 'தாகா காட்டியே', 'கப்டா லாயியே' என்று இரண்டு கட்டிலிருந்தும் ஒவ்வொன்று சேர்த்துச் சொல். இந்த அட்டவணையில் பயன் தெரியத் தொடங்கும் நாள் இது, கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்.

ஜூன் 10, புதன்: மூன்றாம் கட்டு, புதிது. டேட் உனக்கு உடனே ஒட்டிக்கொள்ளும், தினமும் பார்ப்பதே அந்த ஷிப்ட்தானே.

ஜூன் 11, வியாழன்: மூன்றாம் கட்டு.

ஜூன் 12, வெள்ளி: இரண்டாம் கட்டு.

ஜூன் 13, சனி: மூன்றாம் கட்டு, வேனில்.

ஜூன் 17, புதன்: முதல் கட்டும் மூன்றாம் கட்டும். இன்று சீட்டைத் தலைகீழாக எடு. இந்தியைப் பார்த்துத் தமிழ் சொல். அவர்கள் பேசினால் உனக்குப் புரிய வேண்டுமே. தாக், தாகா இரண்டும் முதன்முதலாக இன்றுதான் சந்திக்கின்றன. தடுமாறினால் இரண்டின் மூலையையும் மடி.

ஜூன் 22, திங்கள்: இரண்டாம் கட்டு. கணக்குப்படி 21, அது ஞாயிறு. ஒரு நாள் தள்ளினால் குடி முழுகிவிடாது. இதுவும் தலைகீழ்.

ஜூன் 26, வெள்ளி: மூன்றாம் கட்டு.

இடையில் ஷிப்மென்ட் வந்து நான்கைந்து நாள் விட்டுப்போகும். வராது என்று எழுத எனக்கு மனமில்லை, பனியன் தொழிலை நானும் பார்த்திருக்கிறேன். அப்போது விட்டதையெல்லாம் ஒரே நாளில் அள்ளிப் போட்டுக்கொள்ளாதே. இடைவெளி சின்னதாக இருக்கும் கட்டை முதலில் எடு, சீக்கிரம் நழுவுவது அதுதான். பதினாறு நாள் கட்டு இருபதாம் நாள் வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு நாள் கட்டு ஐந்தாம் நாள் வந்தால் அது புதிய கட்டுதான், தேதியை அன்றிலிருந்து மறுபடி எண்ணு. பீஸ் ஏறும் இரவில் அதுவும் முடியாவிட்டால் மடித்த மூலைச் சீட்டுகளை மட்டுமாவது பார்.

ஜூலை 6, திங்கள்: முதல் கட்டு. சீட்டு வேண்டாம். நினைவிலிருந்து பத்தையும் ஒரு தாளில் தமிழ் எழுத்திலேயே எழுது, பிறகு ஒப்பிடு.

ஜூலை 10, வெள்ளி: இரண்டாம் கட்டு, அதே போல.

ஜூலை 15, புதன்: மூன்றாம் கட்டு. 'கல்' நேற்றா நாளையா என்று வாக்கியத்தில் வைத்துப் பார்.

செப்டம்பர் 19, சனி: முப்பதும் ஒரே கட்டாக, வேனில். இதில் வந்துவிட்ட சொற்களின் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

அயர்னிங், பேக்கிங் சொற்களை நான்காம் கட்டாக வைத்திருக்கிறேன். ஜூன் 26 அன்று மடித்த மூலை ஐந்துக்குக் குறைவாக இருந்தால் போன் செய், அனுப்புகிறேன். அதிகமாக இருந்தால் ஜூலை 6 வரை கேட்காதே.

– மாமா, சங்ககிரி