பத்தாம் வகுப்பு அறிவியல், அலகு 4 (மின்னோட்டவியல்): அலகுத் தேர்வு வினாப் பகுப்பாய்வு

பிரிவு: 10 அ. தேர்வு எழுதியவர்கள் 44. மொத்த மதிப்பெண் 25 (ஒரு மதிப்பெண் 8, இரு மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 1). ஆ பிரிவுக்கும் இதே வினாத்தாள்தான். அறிவியல் ஆசிரியர் கூட்டத்தின் பார்வைக்கு.

விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 சதவீதம், கீழே 27 சதவீதம் என்று 12 தாள்கள் வீதம் எடுத்திருக்கிறேன். இரு குழுவும் சேர்ந்து எத்தனை பங்கு சரி என்பது எளிமை எண். அது கூடினால் கேள்வி எளிது. மேல்குழுவின் சரியான பங்கிலிருந்து கீழ்குழுவின் பங்கைக் கழித்தால் பிரிப்பு எண். 0.4-க்கு மேல் என்றால் நல்ல கேள்வி, 0.2-க்குக் கீழே போனால் கேள்வியைத் திரும்பப் பார்க்க வேண்டும். குழுவுக்கு 12 பேர்தான் என்பதால் ஒரு மதிப்பெண் கேள்வியில் ஒரு பிள்ளை மாற்றி எழுதினாலே பிரிப்பு 0.08 நகர்ந்துவிடும். சின்ன வித்தியாசங்களைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

| வினா | மேல் | கீழ் | எளிமை | பிரிப்பு |
|---|---|---|---|---|
| 1. மின்னோட்டத்தின் அலகு | 12 | 12 | 1.00 | 0.00 |
| 3. 6 Ω, 3 Ω பக்க இணைப்பு | 7 | 1 | 0.33 | 0.50 |
| 4. பக்க இணைப்பில் தடை கூட்டினால் | 11 | 8 | 0.79 | 0.25 |
| 6. மின் உருகி | 12 | 11 | 0.96 | 0.08 |
| 7. கம்பியின் நீளம் இருமடங்கு | 4 | 7 | 0.46 | −0.25 |
| 11. யூனிட் கணக்கு (24-க்கு) | 20 | 6 | 0.54 | 0.58 |
| 15. கலப்பு இணைப்பு (60-க்கு) | 42 | 9 | 0.43 | 0.55 |

மற்ற வினாக்களில் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வினா 7. நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாக எழுதிய கேள்வி இது ஒன்றுதான். "ஒரு கம்பியின் நீளத்தை இருமடங்காக்கினால் அதன் மின்தடை?" என்று கேட்டிருந்தோம், விடைக்குறிப்பில் 2 மடங்கு. மேல்குழுவில் மீதி 8 பேரும் 4 மடங்கு என்று எழுதியிருக்கிறார்கள். கம்பியை இழுத்து நீட்டுவதாக எடுத்துக்கொண்டார்கள். இழுத்தால் கனஅளவு மாறாது, குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும், ஆகவே 4 மடங்குதான். பிள்ளைகள் பக்கம் நியாயம் இருக்கிறது. 4 மடங்கு எழுதிய எல்லோருக்கும் மதிப்பெண் போட்டாயிற்று. வினா வங்கியில் இனி இப்படி இருக்கட்டும்: "அதே பொருளால் ஆன, அதே குறுக்குவெட்டுப் பரப்புள்ள, இருமடங்கு நீளமான வேறொரு கம்பியின் மின்தடை எத்தனை மடங்கு?"

வினா 6-இல் பிழை இல்லை, பயனும் இல்லை. "மின்னோட்டத்தின் வெப்ப விளைவு" என்ற விடைக்குப் பக்கத்தில் "சூரிய ஒளி" என்று ஒரு தெரிவு வைத்தால் பாடம் படிக்காதவரும் தப்பிவிடுவார். வேதி விளைவு, காந்த விளைவு என்று மாற்ற வேண்டும். வினா 1-க்கும் பிரிப்பு இல்லைதான். ஆனால் பயத்தோடு உட்கார்பவருக்குக் கை ஓட ஒரு கேள்வி வேண்டும், அது இருக்கட்டும்.

இனிப் பாடம். வினா 3-இல் சரியான விடை 2 Ω. வகுப்பில் 21 பேர் 0.5 Ω எழுதியிருக்கிறார்கள். அதில் 5 பேர் மேல்குழு. தாளோரத்தில் போட்டிருக்கும் கணக்கைப் பார்த்தால் `1/R = 1/6 + 1/3 = 1/2` வரை சுத்தமாக வந்து, தலைகீழாக்காமல் அங்கேயே நின்றுவிட்டது. வினா 15-இலும் இதே கதை: கீழ்குழுவில் 8 பேர் பக்க இணைப்பை 0.5 என்று கொண்டு, தொடரில் உள்ள 4 Ω-ஐக் கூட்டி 4.5 ஆக்கியிருக்கிறார்கள். வர வேண்டியது 6 Ω. 12 வோல்ட்டுக்கு 2 ஆம்பியர்.

பக்க இணைப்பில் தடை குறையும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும், வினா 4 அதைக் காட்டுகிறது. ஆகவே அலகை முதலிலிருந்து நடத்தத் தேவையில்லை. நாம் வழக்கமாகச் சொல்லும் "விடை சிறிய தடையைவிடக் குறைவாக வர வேண்டும்" என்ற சோதனை இங்கே உதவாது, 0.5 அதில் தேறிவிடும். இன்னொரு வரி சேர்க்கலாம்: இரண்டு தடைகள் மட்டும் என்றால், சிறியதன் பாதிக்குக் கீழே போகாது. 3-இன் பாதி 1.5, எனவே 0.5 வரவே முடியாது.

வினா 11-இல் 100 வாட் பல்பு, தினம் 5 மணி நேரம், 30 நாள். விடை 15 யூனிட். கீழ்குழுவில் 6 பேர் 1000-ஆல் வகுக்காமல் 15,000 யூனிட் என்று முடித்திருக்கிறார்கள். ஒற்றைப் பல்புக்கு இவ்வளவா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை! வீட்டு மின்கட்டண ரசீதை ஆளுக்கொன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை வைத்தே அரைப் பாடவேளை நடத்தலாம்.

செவ்வாய், வியாழன் மாலை வகுப்பு தலைகீழ் பின்னத்துக்கும் கலப்பு இணைப்புக்கும் மட்டும். மேல்குழுவின் அந்த 5 பேரும் வர வேண்டும், மெல்லக் கற்போர் பட்டியலை மட்டும் பார்த்துக் கூப்பிட்டால் அவர்கள் விடுபடுவார்கள். வெள்ளிக்கிழமை வினா 3, 11, 15 எண்களை மாற்றி 10 மதிப்பெண் மறுதேர்வு. ஆ பிரிவுத் தாள்களைத் திருப்பிக் கொடுக்குமுன் வினா 7-க்கு மதிப்பெண் திருத்தி, வினா 3-இல் 0.5 எழுதியவர்கள் எத்தனை பேர் என்று மட்டுமாவது எண்ணிச் சொன்னால் மாலை வகுப்பை இரு பிரிவுக்கும் சேர்த்தே வைத்துவிடலாம்.