ஆண்டுப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்

பாளையங்கோட்டையில் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் நடத்திவரும் நாங்களும், திருநெல்வேலி சந்திப்பில் தரைத்தளக் கட்டடம் ஒன்றில் சைவ உணவகம் நடத்திவரும் தாங்களும் 1.4.2025 முதல் 31.3.2026 வரையிலான ஓராண்டுக்குச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இது.

1. பரப்பளவும் கட்டணமும்

இரு தரப்பும் உடனிருந்து அளந்ததில் மொத்தத் தரைப்பரப்பு 2,400 சதுர அடி. சமையலறை, சரக்கறை, பாத்திரம் கழுவும் இடம் ஆகியவை சேர்ந்து 900 சதுர அடி. சாப்பாட்டுக் கூடம், கல்லா, கைகழுவும் பகுதி, கழிப்பறை ஆகியவை 1,500 சதுர அடி.

சமையலறைப் பகுதிக்கு மாதம் ஒரு முறை வீதம் ஆண்டில் 12 முறை, ஒவ்வொரு முறையும் சதுர அடிக்கு ரூ.1.50: ரூ.16,200. கூடப் பகுதிக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வீதம் 6 முறை, சதுர அடிக்கு 60 காசு: ரூ.5,400. கட்டடத்துக்கு வெளியே 8 எலிப் பெட்டிகள், பெட்டிக்கு ஆண்டுக்கு ரூ.450: ரூ.3,600. ஆகமொத்தம் ரூ.25,200. 18% ஜி.எஸ்.டி. ரூ.4,536 சேர்த்து ரூ.29,736. இதை ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் 10ஆம் தேதிக்குள் ரூ.7,434 வீதம் நான்கு தவணைகளாகத் தர வேண்டும். இடையில் கட்டடம் விரிவாக்கப்பட்டால், கூடும் பரப்புக்கு மட்டும் இதே விகிதத்தில், மீதமுள்ள தடவைகளுக்குக் கணக்கிடப்படும்.

2. செய்யப்படும் வேலை

கரப்பான், எறும்பு, எலி ஆகிய மூன்றும் இதில் அடங்கும். கரையான், மூட்டைப்பூச்சி, கொசு, பல்லி, தேனீ ஆகியவை அடங்கா.

சமையலறையில் கரப்பானுக்கு ஜெல் மருந்து மட்டுமே வைக்கப்படும். மாவரைக்கும் இயந்திரத்தின் அடிப்பகுதி, குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் பக்கம், அதன் கதவு ரப்பரின் மடிப்பு, மேசைகளின் அடி மூலை, குழாய் சுவருக்குள் நுழையும் துளை ஆகிய இடங்களில் மிளகளவுப் பொட்டுகளாக வைப்போம். தெளிப்பு மருந்து கழிவுநீர்ச் சாக்கடை, கூடம், கழிப்பறை ஆகிய இடங்களில் மட்டுமே; அதுவும் கடை அடைத்த பிறகு, இரவு 11 மணிக்கு மேல். கரப்பானின் முட்டைக்கூட்டுக்குள் மருந்து எட்டாது. பிறகு பொரிந்து வரும் குஞ்சுகளுக்குத் தின்ன ஜெல் அங்கே இருந்தாக வேண்டும். சமையலறைக்கு மாதம் ஒரு முறை என்று வைத்திருப்பது அதற்காகவே. அதைக் குறைத்து விலையைக் குறைக்க நாங்கள் உடன்படவில்லை.

எலி விஷம் கட்டடத்துக்கு வெளியே, பூட்டிய பெட்டிக்குள் மட்டுமே. உள்ளே கூண்டுப் பொறிதான். விஷம் தின்ற எலி பரணிலோ சாக்குக்கு இடையிலோ செத்துக் கிடக்கும் நிலை ஓர் உணவகத்துக்கு வரவே கூடாது.

பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968இன்படி பதிவு பெற்ற மருந்துகளையே பயன்படுத்துவோம். மருந்தின் பெயர், அளவு, வைத்த இடம், வந்த பணியாளரின் கையொப்பம் ஆகியவை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் எழுதப்படும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆய்வுக்கு வந்தால் காட்டுவதற்காக அது தங்களிடமே இருக்கும்.

3. கட்டணமில்லா மறுவருகை

இரண்டு முறைகளுக்கு இடையில் மேற்கண்ட மூன்றில் எது தென்பட்டாலும் தாங்கள் அழைக்கலாம். ஆண்டுக்கு 6 மறுவருகைகள் இலவசம். மருந்துக்கும் தனிக் கட்டணம் இல்லை. சமையலறை என்றால் 24 மணி நேரத்துக்குள், மற்ற இடங்களுக்கு 48 மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும். தாமதமானால் அந்த வருகை ஆறில் சேராது. நாங்கள் மருந்து வைத்த 7 நாட்களுக்குள் அதே இடத்தில் அதே தொல்லை இருந்தாலும் சேராது; வேலை சரியில்லை என்றே அதை எடுத்துக்கொள்வோம்.

மறுவருகையை அந்த மாதத்து முறையாகக் கணக்குக் காட்ட மாட்டோம். ஆறுக்கு மேற்பட்டால் வருகைக்கு ரூ.600, ஜி.எஸ்.டி. தனி. பயன்படுத்தாதவை அடுத்த ஆண்டுக்குச் செல்லா.

4. தங்கள் பொறுப்பு

ஜெல் வைத்த இடத்தைக் கழுவவோ, அதன்மேல் பினாயிலோ கடையில் வாங்கிய தெளிப்பானோ அடிக்கவோ கூடாது. அந்த வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. அப்படி நேர்ந்து அழைத்தால் அந்த வருகைக்கு ரூ.600 கட்டணம் உண்டு. மருந்து வைக்கும் நாளில் உணவுப் பொருட்களை மூடி, மேசைக்கடியை ஒழித்துத் தர வேண்டும். எங்கள் பணியாளர் வந்தும் கடை பூட்டியிருந்தால், அந்த வாரத்துக்குள் ஒரு முறை மட்டும் மீண்டும் வருவோம். சுவர் விரிசல், சாக்கடை மூடி ஆகியவற்றைச் சரிசெய்யுமாறு பதிவேட்டில் எழுதினால், 30 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும்.

5. விலகல்

எந்தத் தரப்பும் 30 நாள் எழுத்துபூர்வ முன்னறிவிப்புடன் விலகலாம். செய்து முடித்த தடவைகளை மேற்கண்ட சதுர அடி விகிதத்திலும், எலிப் பெட்டிகளை மாதக் கணக்கிலும் கழித்து, மீதிப் பணத்தை 15 நாட்களுக்குள் திருப்பித் தருவோம். தொடர்ந்து இரண்டு மாதம் சமையலறைக்கு நாங்கள் வரத் தவறினால், முன்னறிவிப்பின்றியே தாங்கள் விலகலாம். வழக்கு எழுந்தால் திருநெல்வேலி நீதிமன்றங்களுக்கு உட்பட்டது.

இரண்டு பிரதிகளில் கையொப்பமிட்டு, தரப்புக்கு ஒன்றாக வைத்துக்கொள்கிறோம்.

திருநெல்வேலி, 28.3.2025