தர உறுதிப்பாட்டு உதவி அலுவலர் விண்ணப்பம்: ஐ.எஸ்.ஓ. 22000 சான்றிதழ் கிடைத்துவிட்டது

தலவாக்கலை
15 செப்டெம்பர் 2025

அன்புள்ள மேடம்,

வணக்கம். உங்கள் தேயிலைப் பொதியிடல் நிலையத்தின் தர உறுதிப்பாட்டு உதவி அலுவலர் பதவிக்கு ஓகஸ்ட் 18ஆம் திகதி விண்ணப்பித்த தர்ஷினி எழுதுகிறேன். விண்ணப்பங்கள் இன்னும் பரிசீலனையில் இருப்பதாகப் போன வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். அதற்குள் என் பக்கத்தில் ஒரு விடயம் மாறியிருக்கிறது.

என் சுயவிபரக்கோவையில் "ஐ.எஸ்.ஓ. 22000:2018 உள்ளகக் கணக்காய்வாளர் பயிற்சி, தொடர்கிறது" என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பயிற்சி ஓகஸ்ட் 31ஆம் திகதி பரீட்சையோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை பெறுபேறு வந்தது, சித்தியடைந்துவிட்டேன். சான்றிதழின் பிரதியையும் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திய சுயவிபரக்கோவையையும் இணைத்திருக்கிறேன். பழைய பிரதிக்குப் பதிலாக இதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டால் நன்றியுடையவளாவேன்.

இது உள்ளகக் கணக்காய்வுக்கான தகுதி மட்டுமே, தலைமைக் கணக்காய்வாளர் சான்றிதழ் அல்ல. இதை வைத்துக்கொண்டு வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போய்ச் சான்றளிக்க முடியாது. உங்கள் விளம்பரத்தில் "இருப்பின் விரும்பத்தக்கது" என்று கேட்டிருந்தது உள்ளகக் கணக்காய்வு அறிவைத்தான் என்று விளங்கிக்கொண்டேன்.

பயிற்சி கண்டியில் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தது. விடியற்காலைப் பஸ்ஸில் போய் இரவில்தான் வீடு திரும்புவேன். அதில் எனக்கு அதிகம் பிரயோசனப்பட்டது நான்காவது வாரம். தேயிலைத் தூளில் கலந்துவரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத்தைத் துப்புரவாக்கிய மாதிரிப் பதிவேடு ஒன்றைத் தந்து, குறை கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒரு கையொப்பம் விடுபட்டிருந்ததை எல்லோரும் பிடித்துவிட்டோம். நான் பக்கத்தில் இருந்த உற்பத்திப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். போயா தினத்தன்று பொதியிடல் நடக்கவே இல்லை. ஆனாலும் காந்தப் பதிவேட்டில் அன்றைக்கும் காலை, மாலை இரண்டு வேளையும் சரி அடையாளம் விழுந்திருந்தது, அதுவும் முழு வாரத்துக்கும் ஒரே பேனையால்.

சந்தோஷத்தில் "பொறுப்பாளர் கவனயீனமாக இருந்துள்ளார்" என்று எழுதிவிட்டேன். பயிற்றுநர் அந்த வரியைச் சிவப்பு மையால் வெட்டினார். எந்த நிபந்தனை, அதற்கு மாறாகக் கண்ட சான்று என்ன, எந்தத் திகதி, எந்தப் பதிவேடு, இவ்வளவுதான் குறிப்பில் இருக்க வேண்டுமாம், ஆளைப் பற்றிய அபிப்பிராயம் கூடாதாம். திருத்தி எழுதிய குறிப்பு மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது.

காந்தம் என்றால் எப்போதும் முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளிதான் என்ற என் எண்ணமும் அந்த வகுப்பில் மாறியது. அந்தந்தத் தொழிற்சாலையின் ஆபத்துப் பகுப்பாய்வுதான் அதைத் தீர்மானிக்கிறது. காந்தத்துக்குப் பிறகு உலோகம் கண்டறியும் கருவி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறலாம். உங்கள் நிலையத்தில் எப்படி வகுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தால் கேட்பேன்.

இப்போது வேலை செய்யும் இடத்தின் பதிவேடுகளைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதவில்லை. அவை வெளியில் சொல்லும் விடயங்கள் அல்ல என்பதை நீங்களும் ஏற்பீர்கள். அங்கே நான் செய்யும் வேலை விண்ணப்பத்தில் சொன்னபடியேதான், சலிப்புப் பகுதியில் ஈரப்பதச் சோதனையும் மாதிரி எடுப்பதும். பயிற்சி முடிந்ததால் பதவியோ சம்பளமோ மாறவில்லை. எதிர்பார்க்கும் சம்பளம் குறித்து விண்ணப்பத்தில் எழுதியதும் அப்படியே இருக்கட்டும்.

தெரிவை விரைவுபடுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. கோப்பைப் பார்ப்பவர்கள் "தொடர்கிறது" என்ற பழைய வரியை வைத்து முடிவெடுத்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான். சான்றிதழின் மூலப்பிரதி என்னிடம் இருக்கிறது, எப்போது கேட்டாலும் கொண்டுவருவேன். சான்றிதழ் இலக்கம் பிரதியின் கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. வழங்கிய நிறுவனத்திடம் நேரடியாக விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இந்த மாதம் முழுக்க எனக்குக் காலை வேலைமுறை. பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு அழைத்தால் பேச வசதி. அதற்கு முன் சலிப்பு இயந்திரச் சத்தத்தில் மணி அடிப்பதே கேட்காது. விண்ணப்பத்தில் கொடுத்த இலக்கம்தான்.

நன்றி.

இப்படிக்கு,
சு. தர்ஷினி

இணைப்பு: சான்றிதழ் பிரதி, திருத்திய சுயவிபரக்கோவை