வாஷிங் மெஷின் நடந்து வெளிய வர்ற வீடியோவுக்கு எங்க பதில்

வணக்கம் மேடம். எங்ககிட்ட வாங்குன வாஷிங் மெஷின் ஸ்பின் ஆகும்போது தானா நகர்ந்து வெளிய வர்றதைக் காட்டி நேத்து சாயந்திரம் நீங்க போட்ட வீடியோவை முழுசா பார்த்துட்டுதான் இதை எழுதுறேன், கஸ்டமர் சர்வீஸுக்கு பொறுப்பா இருக்குறது நான்தான். முதல்ல ஒரு விஷயத்தை நேரா சொல்லிடுறேன், தப்பு உங்க மேல இல்ல, உங்க வீட்டுத் தரை மேலயும் இல்ல, தப்பு எங்களோடது, மன்னிச்சிடுங்க.

உங்க வீடியோவுக்கு கீழ எங்க பக்கத்துல இருந்து மூணு தடவை "ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம், உங்கள் எண்ணைப் பகிரவும்"னு ஒரே பதில் போயிருக்கு. வீடியோவை பார்க்காமலே போட்ட பதில் அது. இத்தனை பேர் கழுவி ஊத்துனதுல நியாயம் இருக்கு. அந்தப் பதில்களை நாங்க அழிக்கலை, அப்படியே இருக்கட்டும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வீடியோல 1:42ல நீங்க மெஷினை திருப்பி பின்பக்கத்தை காட்டுறீங்க இல்ல, அங்க எங்க சீனியர் டெக்னீஷியன் வீடியோவை நிறுத்திட்டு "போல்ட் நாலும் அப்படியே இருக்கு"ன்னார். அவ்வளவுதான், வேற எதுவும் பார்க்க வேண்டியிருக்கலை.

ஃப்ரன்ட் லோட் மெஷின்ல டிரம் மேல ஸ்பிரிங்ல தொங்கிட்டு இருக்கும், கீழ டாம்பர் அதோட ஆட்டத்தை வாங்கிக்கும். வண்டியில ஏத்தி இறக்கும்போது டிரம் ஆடி உள்ள அடிபடக்கூடாதுன்னு பின்பக்கம் ட்ரான்ஸிட் போல்ட் போட்டு இறுக்கி அனுப்புவோம். வீட்ல மாட்ட வர்றவர் முதல் வேலையா அதை கழட்டணும், கழட்டுன ஓட்டைக்கு பிளாஸ்டிக் மூடி போடணும். உங்க வீட்டுக்கு வந்தவர் பைப் மாட்டி, பிளக் போட்டு, காலியா ஒரு சின்ன ரவுண்ட் ஓட்டி காட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டார், போல்ட்டை தொடவே இல்ல. அதனாலதான் துவைக்கிற வரைக்கும் மெஷின் சமத்தா இருக்கு, ஸ்பின் ஏறுனதும், அதாவது நிமிஷத்துக்கு 1200 சுத்து பக்கம் போகும்போது, ஸ்பிரிங் வாங்க வேண்டிய ஆட்டம் மொத்தமும் பாடிக்கு வந்து மெஷினே நடக்க ஆரம்பிக்குது.

நெறைய பேர் சிரிப்பு எமோஜி போட்டிருக்காங்க, "மெஷினுக்கு கால் முளைச்சிருச்சு"ன்னு மீம் வேற. எங்களால சிரிக்க முடியலை. சோப்பு டப்பா மேல இருந்து விழுது, உங்க பொண்ணு "அம்மா, மெஷின் வெளிய வருதும்மா"ன்னு சொல்லிட்டு கதவோரம் நிக்குது, 60, 70 கிலோ எடை அந்த மெஷின். யாருக்கும் அடிபடலைங்கறது எங்க அதிர்ஷ்டம், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அதுக்கப்புறம் நடந்தது இதைவிட மோசம். நீங்க நாலு தடவை கம்ப்ளைன்ட் குடுத்திருக்கீங்க. முதல் தடவை எங்க ஆள் "தரை மட்டமா இல்ல மேடம், அட்டையை மடிச்சு காலுக்கு கீழ வைங்க"ன்னு சொல்லியிருக்கார், அந்த அட்டை வீடியோலயும் தெரியுது, நைஞ்சுபோய். ரெண்டாவது கம்ப்ளைன்ட்டை "கஸ்டமர் போன் எடுக்கலை"ன்னு எழுதி மூடியிருக்காங்க, ஆனா கால் லாக்கை எடுத்து பார்த்தா எங்க சைடுல இருந்து உங்களுக்கு ஒரு கால் கூட போகலை. மூணாவதுக்கு வந்த டெக்னீஷியன் சைடுல இருந்த நெளிசலை பார்த்துட்டு "ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டி கிடையாது"ன்னு ஜாப் ஷீட்ல எழுதிட்டார். அந்த நெளிசலே மெஷின் சுவத்துல போய் இடிச்சதால வந்ததுன்னு யோசிக்கலை. நாலாவது இன்னும் ஓப்பனாவே கிடக்குது. அந்த வாரண்டி முடிவை இன்னைக்கு காலைல கேன்சல் பண்ணியாச்சு.

இனி அந்த மெஷினை ரிப்பேர் பண்ணிக்கோங்கன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டோம். போல்ட்டோட இத்தனை தடவை ஸ்பின் ஆனதுல பேரிங்குக்கு என்ன ஆகியிருக்குன்னு வெளிய இருந்து யாராலயும் சொல்ல முடியாது. அதனால புது மெஷினா, முழுப் பணமா, எது வேணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. உடைஞ்ச டைல்ஸ் செலவும் எங்களோடது. அதுவரைக்கும் தயவுசெஞ்சு மெஷினை ஓட்டாதீங்க, பிளக்கை புடுங்கிடுங்க, தண்ணி குழாயையும் மூடிடுங்க. போல்ட்டை நீங்களா கழட்டவும் வேண்டாம், அப்படியே இருக்கட்டும், வந்து பார்த்து நாங்களே பதிவு பண்ணணும்.

மீதியை இன்பாக்ஸ்ல பேசலாமா? விஷயத்தை அமுக்கத்தான் உள்ள கூப்பிடுறாங்கன்னு சிலர் ஏற்கனவே எழுதியிருக்காங்க, அவங்க சந்தேகம் புரியுது. ஆனா அட்ரஸ், பில், பேங்க் விவரம், எந்த நேரம் வீட்ல இருப்பீங்க, இதையெல்லாம் இத்தனை லட்சம் பேர் பார்க்குற இடத்துல கேட்க முடியாது மேடம். வீடியோவை எடுங்கன்னு கேட்க மாட்டோம், அது உங்க இஷ்டம். எதுலயும் கையெழுத்து போட்டாதான் பணம்னும் சொல்ல மாட்டோம். ஒண்ணே ஒண்ணு மட்டும், கமெண்ட்ல நீங்க போட்ட பில் போட்டோல உங்க போன் நம்பர் தெளிவா தெரியுது, அந்த ஒரு போட்டோவை மட்டும் எடுத்துடுங்க.

இந்தப் பக்கத்துல இருந்தே உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கோம், நீங்க எங்களை ஃபாலோ பண்ணலைன்னா அது மெசேஜ் ரிக்வஸ்ட்ல போய் ஒளிஞ்சிருக்கும், அங்க பாருங்க. உங்க வீடியோவுக்கு கீழ எங்க லோகோவை வச்சுக்கிட்டு ரெண்டு மூணு அக்கவுண்ட் "ரீஃபண்டுக்கு இந்த நம்பருக்கு கூப்பிடுங்க"ன்னு போட்டிருக்கு, அது எதுவும் நாங்க இல்ல, ரிப்போர்ட் பண்ணியிருக்கோம். நாங்க ஓடிபி, பின், கார்டு நம்பர் எதையும் கேட்க மாட்டோம், போன்ல எந்த ஆப்பையும் ஏத்தச் சொல்ல மாட்டோம், பணம் திருப்பித் தர உங்களை முன்பணம் கட்டச் சொல்றவன் திருடன்.

வீடியோ பார்த்துட்டு வந்த மத்தவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. உங்க வீட்லயும் புது ஃப்ரன்ட் லோட் மெஷின் ஸ்பின்ல தடதடன்னு அடிச்சா, உடனே ஆஃப் பண்ணிட்டு பின்பக்கம் பாருங்க. பிளாஸ்டிக் மூடி இருந்தா போல்ட் கழட்டியாச்சுன்னு அர்த்தம். மூடி இல்லாம போல்ட் தலை தெரிஞ்சா சர்வீஸுக்கு சொல்லுங்க. கழட்டுன போல்ட்டை தூக்கி போட்டுடாதீங்க, வீடு மாறும்போது திரும்ப மாட்டணும். அப்புறம், மேடம் வீட்ல மெஷின் மாட்ட வந்த டெக்னீஷியன் முகம் வீடியோல ஒரு செகண்ட் வருது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து தேடாதீங்க. ஒரே நாள்ல அத்தனை வீடு போட்டு அவரை விரட்டுனது நாங்கதான், அந்தக் கணக்கை எங்களுக்குள்ள பார்த்துக்குறோம். மேடத்தை பார்த்து "வியூஸுக்காக செட்டப்"னு எழுதுறவங்களும் நிறுத்திக்கோங்க, அது செட்டப் இல்லைன்னு மெஷின் வித்த நாங்களே சொல்றோம்.

மேடம், இன்னைக்கு ராத்திரி 10 மணி வரைக்கும் இன்பாக்ஸ்ல நானேதான் இருப்பேன், வேற யார்கிட்டயும் மாத்தி விட மாட்டேன், முதல்ல இருந்து கதை சொல்லவும் வேண்டியதில்ல. புது மெஷினா பணமான்னு ஒரு வார்த்தை, ஆள் வர்றதுக்கு எந்த நேரம் தோதுன்னு ஒரு வார்த்தை, அது போதும். முடிஞ்சதும் என்ன பண்ணோம்னு இதே இடத்துல எழுதுறோம், நீங்க சரின்னு சொன்னா மட்டும்.