எத்தனை தடவை வாந்தி எடுத்தார்?

லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நர்சிங் முடித்த பெண்கள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று எல்லாம் நம்ம பக்கத்துப் பிள்ளைகள்தான். வெளிநாட்டு வேலைக்கு எழுத வேண்டிய ஓஇடி என்கிற இங்கிலீஷ் பரீட்சை எப்படி இருக்கும், விசாவுக்கு எவ்வளவு ஆகும், ஏஜென்ட் பணம் கேட்டால் கொடுக்கலாமா (கொடுக்கக் கூடாது, நர்ஸிடம் காசு வாங்கவே பிரிட்டன் விதிமுறையில் இடமில்லை) என்றெல்லாம் கேட்பார்கள். கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே ஒருத்தி கேட்பாள்: "அக்கா, நம்ம இங்கிலீஷைக் கேட்டு அங்க சிரிப்பாங்களா?"

சிரிப்பார்கள். எல்லாரும் இல்லை, சிலர். என் விஷயத்தில் சிரித்தவன் நோயாளி இல்லை, டாக்டரும் இல்லை. என்னோடு அதே ஷிப்டில் அதே நீலச் சட்டை போட்டு வேலை பார்த்த இன்னொரு நர்ஸ்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்தவள். நைனாவுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம். வீட்டில் இங்கிலீஷ் என்றால் மருந்துச் சீட்டில் வருவது மட்டும்தான். நர்சிங் படித்து, இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு பகலாக உழைத்து, ஓஇடி எழுதி, இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் ஒரு ஊரில் அறுவை சிகிச்சை வார்டில் சேர்ந்தேன். அந்த ஊர்க்காரர்களும் டிவியில் செய்தி வாசிப்பது போலப் பேசுவதில்லை. ஹாஸ்பிடலை 'ஆஸ்பிடல்' என்பார்கள். பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார்கள். முதல் வாரம் ஒரு தாத்தா வலி எங்கே இருக்கிறது என்று முழுதாக ஒரு நிமிடம் விளக்கினார், எனக்குப் பிடிபட்டது முதுகு மட்டும்தான். அவரும் என்னை ரெண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். ரெண்டு பேருக்கும் அதில் வருத்தமில்லை. வலி மாத்திரை சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. புரியாமல் கேட்பது வேறு, புரிந்த பிறகு கேலி பண்ணுவது வேறு. ரெண்டுக்கும் ஒரே பதில் கொடுக்க முடியாது.

புரியாமல் கேட்டவர்களுக்காக நான் நிறைய மாற்றிக்கொண்டேன், அதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவர்களிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதுதான் ஹேண்டோவர். ஒரு நாள் காலை ஹேண்டோவரில், ஒரு நோயாளிக்கு மணிக்கு 15 மில்லி சிறுநீர்தான் வருகிறது என்று சொன்னேன். சீனியர் நர்ஸ் ஒரு அம்மா பேனாவை நிறுத்திவிட்டு, "ஒன் ஃபைவா, ஃபைவ் ஜீரோவா?" என்று கேட்டார். கேட்டதுதான் சரி. 50 என்றால் பெரும்பாலும் நிம்மதி, 15 என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஃபிஃப்டீன் என்பதில் அவர்கள் வால்பக்கம் அழுத்துவார்கள், ஃபிஃப்டியில் தலைப்பக்கம். நாம் தமிழ் பேசிப் பழகியவர்கள், எல்லா அசையையும் சமமாகத் தட்டிக்கொண்டு போவோம். அன்றிலிருந்து எண் வந்தால் ஒவ்வொரு இலக்கமாகப் பிரித்துச் சொல்கிறேன். இப்போது எங்கள் வார்டில் உள்ளூர்க்காரர்கள் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் 'ப'. குண்டூசி 'பின்' என்று நான் சொன்னால் அவர்கள் காதில் குப்பைத்தொட்டி 'பின்'னாக விழும். நம் ப, ட, க மூன்றிலும் காற்று வெளியே வராது. அவர்களுக்கோ வார்த்தையின் முதலில் வரும் ப-வில் காற்று பஸ்ஸென்று வர வேண்டும். வாய்க்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு 'பெயின், பேஷன்ட், பொட்டாசியம்' என்று பழகினேன். பேப்பர் ஆடினால் பாஸ். ரூமில் கூட இருந்த கேரளப் பெண் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரித்ததில் எனக்கு ஒன்றும் இல்லை. நானும்தான் சிரித்தேன்.

கடைசியில் 'வி'. மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் ஒரு சத்தம், உதட்டைக் குவித்தால் இன்னொன்று. நமக்கு ரெண்டுக்கும் 'வ' ஒன்றுதான். வேகத்தில் மாறிப்போகும், இன்றைக்கும் மாறுகிறது. என்னைப் பார்த்துச் சிரித்த அந்த நர்ஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

'வாமிட்டிங்' என்று நான் சொன்னதும் உதட்டை ஒரு முழத்துக்குக் குவித்து, தலையை ரெண்டு பக்கமும் ஆட்டி, ராகம் போட்டுத் திருப்பிச் சொல்வான். முதலில் டீ குடிக்கிற ரூமில், பிறகு ரோஸ்டர் பலகை முன்னால், பிறகு ஹேண்டோவரிலேயே. ரெண்டு பேர் சிரிப்பார்கள், மற்றவர்கள் பேப்பரைப் பார்ப்பார்கள். நான் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ் பேச்சைக் குறைத்தால் அது அவள் சொந்த விஷயமில்லை. டாக்டருக்குப் போன் போட வேண்டிய இடத்தில், 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று கை தயங்குகிறது. அப்படித் தயங்கிய ஒரு இரவுதான், இனி இதை விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஹேண்டோவர். ஆறாம் பெட்டில் குடல் ஆபரேஷன் முடிந்தவர். இரவில் ரெண்டு தடவை வாந்தி, ஒண்டான்செட்ரான் நாலு மில்லிகிராம் போட்டாயிற்று என்று சொன்னேன். அவன் வழக்கம்போல் ஆரம்பித்தான். நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன்.

"அவர் எத்தனை தடவை வாந்தி எடுத்தார்னு சொன்னேன்?"

"என்ன?"

"எத்தனை தடவைன்னு சொன்னேன்?"

"ரெண்டு."

"என்ன மருந்து போட்டேன்?"

மருந்துப் பெயரையும் அளவையும் சொன்னான்.

"அப்போ உனக்கு எல்லாம் புரிஞ்சிருக்கு. நான் மேல சொல்லட்டுமா?"

அவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை. இங்கிலீஷில் நாலு வாக்கியம், அதில் ஒன்றில் இலக்கணம்கூடத் தப்பு. 15-ஆ 50-ஆ என்று கேட்ட அந்த அம்மா, "ஏழாம் பெட், ப்ளீஸ்" என்றார். நான் தொடர்ந்தேன்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். கொஞ்ச நாள் கழித்து, நான் இல்லாத இடத்தில் மறுபடி செய்திருக்கிறான், ஒரு நர்ஸ் உதவியாளர் வந்து சொன்னாள். நான் ஏற்கெனவே ஒரு சின்ன டைரியில் தேதி, இடம், என்ன சொன்னான், யார் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு வார்டு மேனேஜரிடம் போனேன். அவர் முதலில் சொன்னது, "அது சும்மா விளையாட்டுக்குத்தானே?" இந்த வாக்கியத்தை நீங்களும் நிச்சயம் கேட்பீர்கள். விளையாட்டு என்றால் ரெண்டு பக்கமும் ஆட வேண்டும், நான் ஆடவில்லை என்றேன். கூடவே, இதனால் எனக்கு வேலையில் பேசத் தயக்கம் வருகிறது, அது நோயாளிக்கு ஆபத்து என்றேன். ரெண்டாவதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எந்தக் கதவு திறக்கிறதோ அது வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தில் 'உச்சரிப்பு' என்று தனியாக ஒரு தலைப்பு கிடையாது. ஆனால் 'இனம்' என்பதற்குள் தேசியமும் பூர்வீகமும் வருகின்றன. 2024-இல் அங்கே வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒரு வழக்கில், ஒருவரின் உச்சரிப்பைப் பற்றிய பேச்சும் இனம் சார்ந்த துன்புறுத்தலாக ஆகலாம், பேசியவருக்கு இன வெறுப்பு இருந்தது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறது. நான் தீர்ப்பாயம் வரைக்கும் போகவில்லை. யூனியனில் கேட்டு, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மேனேஜர் முன் உட்கார்ந்ததே பெரிய தெம்பு.

அவன் மன்னிப்புக் கேட்டான். 'உனக்கு வருத்தமாக இருந்திருந்தால்' என்று தொடங்கும் வகை மன்னிப்பு. அரை மன்னிப்புதான், வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது கேலி நிற்பது, நின்றுவிட்டது. நாங்கள் இன்னும் நண்பர்கள் இல்லை, ஆக வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு ஷிப்டில் நோயாளிக்கு மூச்சு நின்றபோது ரெண்டு பேரும் சேர்ந்து நெஞ்சை அழுத்தினோம், என் வி-யை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

இதைவிட உள்ளே குத்தியது வேறு ஒரு இடம். அந்த ஊரில் தமிழர்கள் சேர்ந்து பொங்கல் வைப்பார்கள். பேப்பர் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு நிற்கும்போது ஒரு அண்ணா, ஐடியில் இருப்பவர், "சென்னையில எங்க?" என்றார். "காசிமேடு" என்றேன். அவ்வளவுதான், உடனே இடுப்பில் கை வைத்து, லுங்கியைத் தூக்கிக் கட்டுவது போல ஒரு ஜாடை காட்டி, "இன்னாமே, எப்டிகீற?" என்றார். கூட நின்றவர்கள் எல்லாரும் சிரிப்பு. நான் அதுவரை அந்த ஹாலில் ஒரு வார்த்தைகூட அப்படிப் பேசியிருக்கவில்லை. சினிமாவில் ரவுடி பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் அவருக்கு அது வாயில் வந்துவிட்டது.

இதற்கு மேனேஜரும் இல்லை, சட்டமும் இல்லை. "அண்ணா, எங்க நைனா அப்படித்தான் பேசுவாரு. போன் போட்டுத் தரேன், அவர்கிட்ட பேசிக் காட்டறீங்களா?" என்று கேட்டு, நிஜமாகவே போனை எடுத்தேன். வேண்டாம்மா வேண்டாம்மா என்றார், முகம் சுருங்கிப்போயிற்று. அவர் மனைவி என்னைத் தனியாகக் கூட்டிப்போய் இன்னொரு கரண்டி பொங்கல் வைத்தார். தானும் ராயபுரத்தில் பிறந்தவள் என்றும், கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரிடமும் சொல்வதில்லை என்றும் சொன்னார். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பிள்ளைகளே, வி-யையும் ப-வையும் இங்கேயே பழகுங்கள், எண்களைப் பிரித்துச் சொல்லுங்கள். அது நோயாளிக்காக. முதல் வாரமே யூனியனில் சேருங்கள். யாராவது ராகம் போட்டால் அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். எனக்கு நடந்த சமயத்தில் தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. விதிகள் மாறும், நீங்கள் போகும்போது எவ்வளவு என்று யூனியனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பர் என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள்.