வீட்டு வானிலைக் குறிப்பேடு: கோத்தகிரி, நவம்பர் 1 முதல் 15 வரை

அளவு பார்க்கும் நேரம் காலை 8.30. நேற்று 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்த மழை இன்றைய தேதியில் சேரும். அதிகபட்ச வெப்பம் நேற்றுப் பகலுடையது. மழைமானிப் புனலின் வாய் 11.3 செ.மீ., பரப்பு 100 சதுர செ.மீ.; அதனால் 10 மில்லி தண்ணீர் 1 மி.மீ. மழை. நான் ஊரில் இல்லாத நாளில் யார் பார்த்தாலும் மில்லியை மட்டும் எழுதுங்கள், வகுப்பது என் வேலை.

நவ. 1. மழை 6.2 மி.மீ. குறைந்தது 14.0°, அதிகம் 20.5°. காற்று வடகிழக்கு, மெல்ல. மாலை நாலு மணிக்குப் பிடித்தது, ஏழுக்கு விட்டது.

நவ. 2. மழை 0.3 (சொட்டு). 13.5°, 18.0°. காற்று இல்லை.
மழையே இல்லையே என்கிறாள் மருமகள். அது சரிதான். ராத்திரி முழுக்க மூடுபனி. சில்வர் ஓக் இலையில் திரண்டு சொட்டியதுதான் புனலில் விழுந்திருக்கிறது. மானிக்கும் மரத்துக்கும் ஐந்து மீட்டர்கூட இல்லை. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். இந்த முற்றத்தில் அதற்கு எங்கே போவது?

நவ. 3. மழை 0. 13.0°, 19.5°. கிழக்கு, மெல்ல.
மானியைக் கீழே கேரட் பாத்தி ஓரத்துக்கு மாற்றினேன். சுற்றிலும் வெட்டவெளி. புனல் விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ., மட்டம் வைத்துச் சரிபார்த்தாயிற்று.

நவ. 4. மழை 11.8. 13.5°, 18.5°. வடகிழக்கு.

நவ. 5. மழை 4.5. 14.0°, 19.0°. கிழக்கு, மிதமாக.
இன்று பேத்தி பார்த்தாள். காற்றுத்திசைகாட்டியின் அம்பு கிழக்கைக் காட்டுகிறது, "காற்று மேற்கே போகுது, தாத்தா" என்று மேற்கு என எழுதிவிட்டாள். அடித்துத் திருத்தினோம். காற்றுக்கு அது வரும் திசையின் பெயர்தான். வால் அகலமாக இருப்பதால் காற்று அதைத் தள்ளிவிடும், தலை காற்றை எதிர்த்து நிற்கும். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், வடக்கிலிருந்து வந்தால் வாடை என்றேன். கொண்டல் என்ற பெயர் பிடித்துப்போய், அதையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

நவ. 6. மழை 2.1. 14.0°, 17.5°. வடகிழக்கு. நாள் முழுக்க ஈரம், வெயில் இல்லை. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் தலைகாட்டுகிறது.

நவ. 7. மழை 23.4. 14.5°, 17.0°. வடகிழக்கு, பலமாக.

நவ. 8. மழை —. 14.0°, 16.0°. வடகிழக்கு, பலமாக.
விடிய விடியக் கொட்டியது. காலையில் போனால் மானி கவிழ்ந்து கிடக்கிறது, பாத்தி முழுக்கக் காட்டெருமைக் குளம்பு. வெட்டவெளி எனக்குப் பிடித்தது போலவே அதற்கும் பிடித்திருக்கிறது.
"ஒரு எழுபதுன்னு போட்டுடுங்க மாமா, யார் கேட்கப் போறா?" என்றாள் மருமகள். போடவில்லை. முற்றத்தில் கழுவி வைத்திருந்த அண்டா நேர்ச்சுவராக இருப்பதால் அளவுகோல் விட்டுப் பார்த்தேன்: 6.5 செ.மீ. நேற்று மாலை ஆறு மணிக்கு வைத்தது, ஆக அதற்குப் பின் ஏறக்குறைய 65 மி.மீ. அதற்கு முந்திய மழை கணக்கில் இல்லை. எனவே குறிப்பில் மட்டும் இருக்கட்டும், அளவுப் பத்தியில் கோடுதான்.
மானியை அதே இடத்தில் நிமிர்த்திவிட்டேன். சுற்றிலும் ஒரு மீட்டர் தள்ளி, தாழ்வாக வேலி.

நவ. 9. மழை 38.6. 13.5°, 16.5°. வடகிழக்கு.
மானியின் பாட்டிலில் 200 மி.மீ. வரை பிடிக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று பதிவான 820 மி.மீ.க்கு இந்தப் பாட்டில் நாலு தடவை நிரம்பி, அதற்கு மேலும் வழிந்திருக்கும். பெருமழை அறிவிப்பு வந்தால் படுக்கப் போகும் முன்பும் ஒருமுறை அளந்து கொட்ட வேண்டும்.

நவ. 10. மழை 9.0. 13.0°, 17.5°. கிழக்கு.

நவ. 11. மழை 0.7. 12.0°, 19.0°. வடக்கு, மெல்ல.

நவ. 12. மழை 0. 9.5°, 20.5°. காற்று இல்லை.
ராத்திரி ஒரு மேகமும் இல்லை. புல்லெல்லாம் நீர்ப்பனி. தெர்மாமீட்டர் பெட்டிக்குள் 9.5° இருந்தபோது, புல்மேல் வைத்த பழைய தெர்மாமீட்டர் 6° காட்டியது. தெளிந்த இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதனால்தான் பெட்டியை 1.25 மீட்டர் உயரத்தில் வைக்கிறோம். முன்பு சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த காலத்தில் அடுப்புச் சூட்டையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நோட்டை யாரிடமும் காட்டுவதில்லை.

நவ. 13. மழை 0. 9.0°, 21.0°. வடக்கு, மெல்ல.

நவ. 14. மழை 0. 10.0°, 21.5°. கிழக்கு.

நவ. 15. மழை 3.1. 12.5°, 20.0°. வடகிழக்கு.
இதுவரை கூட்டினால் 99.7 மி.மீ.; 8ஆம் தேதி இதில் சேரவில்லை. 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த மழைநாட்கள் 8. இதில் 8ஆம் தேதியைச் சேர்த்திருக்கிறேன், அண்டா சாட்சி. வேலியின் கிழக்குப் பக்கத்துக்கு இன்னும் இரண்டு கம்பு வேண்டும்.