பிளட் கல்ச்சர் இறுதி ரிப்போர்ட்: 14 மற்றும் 17 அக்டோபர் 2025 சாம்பிள்கள்

நோயாளி: பெண், 57 வயது, சர்க்கரை நோய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ்
வார்டு: நெஃப்ராலஜி, டயாலிசிஸ் யூனிட்
காரணம்: டயாலிசிஸ் நடக்கும்போதே குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கழுத்தில் டனல்டு கத்தீட்டர்
ரிப்போர்ட் தேதி: 22.10.2025, பகல் 11 மணி

முதல் சாம்பிள், 14.10.2025 (காலை 11.00க்கு எடுத்தது, 11.40க்கு மெஷினில் வைத்தது)

கத்தீட்டரில் இருந்து எடுத்த செட், ஏரோபிக் பாட்டில்: 9 மணி 10 நிமிடத்தில் பாசிட்டிவ்
கத்தீட்டர் செட், அனேரோபிக் பாட்டில்: 10 மணி 05 நிமிடம்
வலது கை நரம்பு செட், ஏரோபிக் பாட்டில்: 12 மணி 50 நிமிடம்
வலது கை செட், அனேரோபிக் பாட்டில்: 14 மணி 20 நிமிடம்

நான்கு பாட்டிலிலும் ஒரே கிருமி: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், மெத்திசிலினுக்குக் கட்டுப்படும் வகை (எம்.எஸ்.எஸ்.ஏ.).

கட்டுப்படுபவை: செஃபாக்சிட்டின் (வட்டம் 27 மி.மீ.; 22 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், செஃபசோலினையும் இதை வைத்தே சொல்கிறோம்), வான்கோமைசின் (எம்.ஐ.சி. 1), லினசோலிட், ஜென்டாமைசின், கோ-ட்ரைமாக்ஸசோல்.
கட்டுப்படாதவை: பென்சிலின், எரித்ரோமைசின், கிளின்டாமைசின். கிளின்டாமைசின் தட்டில் முதலில் கட்டுப்படுவது போலத்தான் தெரிந்தது, டி டெஸ்ட் பாசிட்டிவ், அதனால் எதிர்ப்பு என்றே கொடுத்திருக்கிறேன்.

கத்தீட்டர் நுனி (15.10.2025 மாலை கழற்றியது): அதே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், 40 காலனிக்கு மேல். 15ஐத் தாண்டினாலே கணக்கில் எடுப்போம்.

இரண்டாவது சாம்பிள், 17.10.2025 (காலை 7.00, மெஷினில் 7.35)

வலது கையில் இரண்டு வேறு இடங்களில் குத்தி எடுத்த இரண்டு செட், மொத்தம் நான்கு பாட்டில். முதல் செட்டின் ஏரோபிக் பாட்டில் மட்டும் 33 மணி 20 நிமிடத்தில் பாசிட்டிவ்: ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ். மற்ற மூன்றிலும் 5 நாள் முடிந்தும் வளர்ச்சி இல்லை.

மைக்ரோபயாலஜி கருத்து

14ஆம் தேதி வளர்ந்தது உண்மையான இன்ஃபெக்ஷன். 17ஆம் தேதி வளர்ந்தது தோலில் இருந்து வந்த கன்டாமினேஷன், அதற்கு மருந்து வேண்டாம். முதல் விஷயத்தில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. இரண்டாவதற்காக சனிக்கிழமை மாலையில் இருந்து வார்டிலிருந்து மூன்று போன், "மறுபடி வான்கோமைசின் ஆரம்பிக்கலாமா" என்று. அதனால்தான் வழக்கமான இரண்டு வரி கருத்தோடு விடாமல் நீட்டி எழுதுகிறேன்.

முதல் சாம்பிளில் கிருமியின் பெயர் ஒன்றே போதும். ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால், ஒரே ஒரு பாட்டிலில் வந்திருந்தாலும், அதை கன்டாமினேஷன் என்று ஒதுக்கக் கூடாது. ஈ கோலை, சூடோமோனாஸ், நியூமோகாக்கஸ், கேண்டிடா இவையும் அப்படித்தான். இங்கே நான்குக்கு நான்கு, அதுவும் எல்லாம் 15 மணி நேரத்துக்குள். பாட்டிலுக்குள் கிருமி பெருகி கரியமில வாயு ஒரு அளவைத் தாண்டினால்தான் மெஷின் சத்தம் போடும், ஆகவே ஆரம்பத்தில் எவ்வளவு கிருமி உள்ளே போனதோ அதைப் பொறுத்து நேரம் கூடும், குறையும். 14 மணிக்குள் வரும் ஸ்டாஃப் ஆரியஸ் என்றால் ரத்தக் குழாய்க்குள்ளேயே, அதாவது கத்தீட்டரிலோ இதய வால்விலோ, கிருமி உட்கார்ந்திருக்கிறதா என்று கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்.

எங்கிருந்து வந்தது என்பதையும் நேரமே சொல்லிவிட்டது. ஏரோபிக்கை ஏரோபிக்கோடு ஒப்பிட்டால் கத்தீட்டர் ரத்தம் 3 மணி 40 நிமிடம் முந்தி வந்திருக்கிறது, அனேரோபிக்கில் 4 மணி 15 நிமிடம். 2 மணி நேரம் முந்தினாலே கத்தீட்டர்தான் மூலம் என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் இரண்டு செட்டும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவு ரத்தத்தோடு எடுக்கப்பட்டு, ஒன்றாக மெஷினுக்குள் போயிருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஒன்றில் 10 மி.லி., இன்னொன்றில் 3 மி.லி. என்றால் அந்த வித்தியாசமே நம்மை ஏமாற்றும். பாட்டில்களை எடை போட்டுப் பார்த்தோம், நான்கிலும் 8க்கும் 9க்கும் இடையில் இருந்தது. எடுத்த இடமும் நேரமும் ஒவ்வொரு பாட்டிலிலும் தெளிவாக எழுதியிருந்தது. அன்று ரத்தம் எடுத்த சிஸ்டருக்கு நன்றி, இப்படி வந்தால் எங்கள் வேலை பாதியாகக் குறையும்.

இனி 17ஆம் தேதி பாட்டில். அது 18ஆம் தேதி மாலை 4.55க்கு பாசிட்டிவ் ஆனது. கிராம் ஸ்டெய்னில் கொத்துக் கொத்தாக கிராம் பாசிட்டிவ் காக்கை. போனில் அதைத்தான் சொன்னோம், வார்டில் பதறியதில் தப்பே இல்லை, ஏனென்றால் ஆரியஸும் எபிடெர்மிடிஸும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்டாஃப் ஆரியஸ் வந்து நான்காவது நாள், செஃபசோலின் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபடியும் கொத்து என்றால் யாருக்கும் "இன்னும் போகவில்லையோ" என்றுதான் தோன்றும்.

33 மணி நேரம் என்றதுமே எனக்கு கன்டாமினேஷன் சந்தேகம் வந்தது. தோலில் இருந்து ஊசி வழியாக உள்ளே போவது சில கிருமிகள்தான், அவை பெருகி மெஷினுக்குத் தெரிய பெரும்பாலும் ஒரு நாளைத் தாண்டும். ஆனாலும் அந்த மாலை அதை உங்களிடம் உறுதியாகச் சொல்லவில்லை. மருந்து ஓடும்போது எடுத்த ரத்தத்தில் அசல் ஸ்டாஃப் ஆரியஸும் தாமதமாகத்தான் வரும். எங்கள் பாட்டிலில் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் ரெசின் இருக்கிறது, ஆனால் அதை முழுசாக நம்ப முடியாது. ஆகவே நேரத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல் பாட்டிலில் இருந்தே நேரடியாக டியூப் கோயாகுலேஸ் போட்டோம், நெகட்டிவ். மறுநாள் தட்டில் வளர்ந்த காலனியில் மால்டி-டாஃப் பார்த்தபோது எபிடெர்மிடிஸ் என்றே வந்தது. லக்டுனென்சிஸ் என்று வந்திருந்தால் இந்தக் கருத்தையே வேறு மாதிரி எழுதியிருப்பேன், அதுவும் கோயாகுலேஸ் நெகட்டிவ் கூட்டம்தான் என்றாலும் நடத்தை ஆரியஸ் மாதிரி.

எபிடெர்மிடிஸ் என்பதாலேயே கன்டாமினேஷன் என்று முத்திரை குத்துவதும் தப்பு. டயாலிசிஸ் கத்தீட்டர், செயற்கை வால்வு, பேஸ்மேக்கர் இருப்பவர்களுக்கு இதே கிருமி உண்மையாகவே தொல்லை கொடுக்கும். அப்போது வழக்கமாக ஒன்றுக்கு மேற்பட்ட செட்டில் வரும், சீக்கிரமாகவும் வரும், நோயாளிக்குக் காய்ச்சலும் இருக்கும். இவருக்கு நான்கில் ஒன்று மட்டும். இரண்டு இடத்தில் குத்தியதில் ஒரே இடம், அந்த இடத்திலும் ஒரே பாட்டில். கத்தீட்டர் 15ஆம் தேதியே போய்விட்டது, தொடையில் தற்காலிகக் கத்தீட்டர் போட்டது இந்த ரத்தம் எடுத்த பிறகுதான், ஆக அந்தக் காலை உடம்பில் எந்தக் குழாயும் இல்லை. வால்வும் இல்லை, பேஸ்மேக்கரும் இல்லை. கேஸ் ஷீட்டின்படி 16ஆம் தேதியில் இருந்து காய்ச்சலும் இல்லை. இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

அந்த எபிடெர்மிடிஸுக்கு சென்சிடிவிட்டி வேண்டுமென்றே போடவில்லை. ஒரு பட்டியல் கொடுத்தால் அதில் பாதிக்கு மேல் எதிர்ப்பு என்று வரும், அதைப் பார்த்து இரவு டியூட்டியில் யாராவது வான்கோமைசின் எழுதுவார்கள், எழுதியதை நிறுத்த அடுத்தவருக்குத் தைரியம் வராது. ஆரியஸ் எம்.எஸ்.எஸ்.ஏ. என்று தெரிந்த பிறகு செஃபசோலினை விட்டு வான்கோமைசினுக்குப் போவது நோயாளிக்கு நஷ்டம்தான், இந்தக் கிருமியைக் கொல்வதில் செஃபசோலின் மேல். காலனியை ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறோம். மறுபடி அதே எபிடெர்மிடிஸ் வேறு செட்டில் வந்தால் எடுத்து ஒப்பிட்டு, அப்போது சென்சிடிவிட்டியும் கொடுப்போம்.

அடுத்து என்ன

ஆரியஸ் ரத்தத்தில் இருந்து போன நாளாக 17ஐ வைத்துக்கொள்ளுங்கள், எபிடெர்மிடிஸ் வந்ததால் அந்தத் தேதி மாறாது. மருந்து நாட்களை அங்கிருந்து எண்ண வேண்டும், முதல் டோஸ் போட்ட 14இல் இருந்து அல்ல. இரண்டு வாரத்தோடு நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். சர்க்கரை நோயும் இருக்கிறது, டயாலிசிஸும் இருக்கிறது, இவரை எளிய கேஸ் கணக்கில் சேர்க்க முடியாது. என் கருத்து 4 முதல் 6 வாரம், முடிவு உங்களுடையது. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ ரிப்போர்ட் இன்னும் எங்களிடம் வரவில்லை, அது இல்லாமல் எத்தனை வாரம் என்று பேசுவதே சீக்கிரம். புதிதாக முதுகுவலி என்று சொன்னால் "டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்த வலி" என்று விட்டுவிடாதீர்கள், முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள்.

17ஆம் தேதி விஷயத்தில் யார் எடுத்தது என்று தேட வேண்டாம், ரெக்விசிஷனில் பெயர் இல்லை, நானும் கேட்கவில்லை. டயாலிசிஸ் யூனிட்டில் ஒட்டுவதற்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடினால் 30 நொடி அழுத்தித் தேய்த்து, தானாகக் காயும்வரை காத்திருந்து, துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவாமல் குத்த வேண்டும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், பிளாஸ்டிக் மூடியைத் திறந்ததும் அது சுத்தமாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது ஸ்டெரைல் கிடையாது. காய்வதற்குள் குத்துவதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் கோளாறு, நரம்பு கிடைக்காத டயாலிசிஸ் நோயாளியிடம் விரலால் தடவிப் பார்ப்பது அடுத்தது. எடுக்கும் கல்ச்சரில் நூற்றுக்கு மூன்றுக்குள் கன்டாமினேஷன் இருக்க வேண்டும் என்பது பழைய வரம்பு, இப்போது ஒன்றைத்தான் இலக்காகச் சொல்கிறார்கள். ஃபிஸ்டுலாவுக்காக இடது கையை விட்டுவைத்திருக்கிறீர்கள், அது சரி, இனியும் வலது கையிலேயே எடுங்கள்.

18ஆம் தேதி இரவு கேட்டு வாங்கிய இரண்டு செட் (மெஷினில் 7.40க்கு வைத்தது) இதுவரை நெகட்டிவ். 5 நாள் நாளை, 23ஆம் தேதி, இரவு 7.40க்கு முடிகிறது. அதற்குள் ஏதாவது பாசிட்டிவ் ஆனால் எந்த நேரமானாலும் டியூட்டி டாக்டருக்கு போன் வரும். போன் வராவிட்டால் 24ஆம் தேதி காலை தனி ரிப்போர்ட்டாக அனுப்புகிறோம்.